விலகியவரின் கைப்பேசிக்குப் போகும் ஓடிபி

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பிரைவேட் லிமிடெட் நிறுவனம். இயக்குநர்கள் இரண்டே பேர்: மச்சானும் மாப்பிள்ளையும். பட்டறையை மச்சான் பார்ப்பார், கணக்கு, வங்கி, வரி எல்லாம் மாப்பிள்ளை. ஜூலை 5ஆம் தேதி மாப்பிள்ளையிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இயக்குநர் பதவியிலிருந்து விலகுகிறேன் என்று நான்கே வரி. குடும்பத்துக்குள் இருந்த மனத்தாங்கல் தொழிலுக்குள் வந்துவிட்டது. அதன் பிறகு அவர் யாருடைய போனையும் எடுக்கவில்லை.

மச்சான் என்னிடம் வந்தது 10ஆம் தேதி மாலை. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள். “பாஸ்வேர்டு தெரியலீங்க. மறந்துட்டேன்னு அழுத்துனா ஓடிபி மாப்பிள்ளை நம்பருக்குப் போகுது. என்ன பண்றதுங்க?” என்று கேட்டார். வரி ஆலோசனைத் தொழிலில் இதே கேள்வியைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். இயக்குநர் விலகினால் கம்பெனி பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும், வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. வரித் தளத்தில் நிறுவனத்தின் கையெழுத்தாகவும் காதாகவும் இருந்தவர் அவர்தான் என்பது ஓடிபி வராதபோதுதான் தெரிய வருகிறது.

ஜிஎஸ்டி தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ‘ஆத்தரைஸ்டு சிக்னேட்டரி’, அதாவது நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர், ஒருவராவது இருக்க வேண்டும். பலர் இருக்கலாம். ஆனால் அவர்களில் ஒருவர் மட்டுமே முதன்மைக் கையொப்பதாரர். தளம் அனுப்பும் ஓடிபி, நினைவூட்டல், நோட்டீஸ் வந்திருக்கிறது என்ற தகவல் எல்லாம் அந்த ஒருவருடைய கைப்பேசிக்கும் மின்னஞ்சலுக்கும்தான் போகும். பதிவில் கொடுத்த மின்னஞ்சலுக்கு நோட்டீஸ் அனுப்பினாலே அது முறையாகச் சார்பு செய்யப்பட்டதாக ஜிஎஸ்டி சட்டத்தின் 169ஆம் பிரிவு கொள்கிறது. விலகியவர் அந்த அஞ்சலைத் திறக்கவே இல்லை என்றாலும் பதில் தருவதற்கான நாள்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இந்தக் கையொப்பதாரர் இயக்குநராகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நிறுவனம் தீர்மானம் போட்டு அதிகாரம் கொடுத்தால் கணக்கு மேலாளர்கூடக் கையொப்பதாரர் ஆகலாம். ஆகவே ஒரே மனிதர் தளத்தின் பதிவில் இரண்டு இடங்களில் இருக்கலாம்: இயக்குநர்கள் பட்டியலில் ஒன்று, கையொப்பதாரர் பட்டியலில் ஒன்று. அவர் விலகும்போது இரண்டு இடங்களிலிருந்தும் பெயரை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் வழி வேறு, ஆகும் காலமும் வேறு. ஒன்றைச் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

கையொப்பதாரரை மாற்றுவது எளிதான வேலை. தளத்துக்குள் நுழைந்து Services, Registration வழியாக Amendment of Registration Non-Core Fields என்ற பக்கத்துக்குப் போக வேண்டும். இதற்கு அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் பதிவு தானாகவே திருத்தப்படும். இயக்குநர் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்குவதோ சேர்ப்பதோ Amendment of Registration Core Fields என்ற பக்கத்தில் நடக்கும். அது அதிகாரியின் பார்வைக்குப் போய் ஒப்புதல் பெற வேண்டும். மாற்றம் நடந்து 15 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி 19.

கேட்க எளிது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், நிறுவனமாகப் பதிவானவர்கள் இந்த விண்ணப்பங்களில் டிஎஸ்சி என்கிற மின்கையொப்பத்தால்தான் கையெழுத்திட வேண்டும். டிஎஸ்சி யூஎஸ்பி டோக்கனில் வருகிறது. ஒருவருடைய பான் எண்ணோடு பிணைந்தது. புதியவரின் டிஎஸ்சியைத் தளத்தில் பதிய வேண்டுமானால் அவர் பெயர் முதலில் கையொப்பதாரர் பட்டியலில் இருக்க வேண்டும். அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமானால் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் தம் டிஎஸ்சியால் கையெழுத்திட வேண்டும். இருந்த ஒரே கையொப்பதாரரும் விலகிப் போய்விட்டால் உள்ளிருந்து பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்பதுபோல் ஆகிவிடும்.

அதனால் வரிசை முக்கியம். விலகல் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே கையொப்பதாரரை மாற்றிவிட வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் 168ஆம் பிரிவுப்படி, விலகல் கடிதம் நிறுவனத்துக்குக் கிடைத்த நாள், கடிதத்தில் குறிப்பிட்ட நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அன்றுதான் விலகல் நடைமுறைக்கு வரும். ஆகவே விலகுகிறவர் கடிதத்தில் இரண்டு மூன்று வாரம் தள்ளி ஒரு தேதியைக் குறிப்பிட்டால் இடையில் எல்லாவற்றையும் முறையாக முடித்துக்கொள்ளலாம். தேதியே போடாமல் அனுப்பினால், மாப்பிள்ளை அனுப்பியதுபோல, கடிதம் கிடைத்த நாளிலேயே கதவு சாத்தியாகிவிடும்.

நல்லபடியாக நடக்கும்போது வேலை இப்படிப் போகும். விலகுகிறவர் இன்னும் இயக்குநராக இருக்கும்போதே இயக்குநர் குழு கூடி, புதியவரைக் கையொப்பதாரராக நியமித்துத் தீர்மானம் போடும். பிறகு தளத்தின் கையொப்பதாரர் பகுதியில் புதியவரின் பெயர், பிறந்த தேதி, பான், ஆதார், முகவரி, கைப்பேசி, மின்னஞ்சல் ஆகியவற்றை நிரப்பி, புகைப்படத்தையும் தீர்மானத்தின் நகலையும் ஏற்ற வேண்டும். இயக்குநராக இருந்தால் டிஐஎன் எண்ணும் வேண்டும். விலகப்போகிறவர் தம் டிஎஸ்சியால் கையெழுத்திட்டு அனுப்புவார். கால் மணி நேரத்தில் விண்ணப்ப எண் வந்துவிடும். அதன் பின் மறுபடி நுழைந்து, பழையவர் பெயருக்கு எதிரே இருக்கும் Primary Authorized Signatory என்ற குறியை எடுத்துவிட்டுப் புதியவர் பெயருக்கு எதிரே இட வேண்டும். சேர்ப்பதோடு நிறுத்திவிட்டு இந்த இரண்டாவது வேலையை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. பெயர் சேர்ந்திருக்கும், ஓடிபி மட்டும் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். புதியவரின் டிஎஸ்சியை My Profile பக்கத்தில் Register / Update DSC வழியாகப் பதிந்து, அதனாலேயே ஒரு தாக்கலைச் செய்து பார்த்தால் மாற்றம் முழுமையாகிவிட்டதா என்பது தெரிந்துவிடும். பழையவரின் பெயரை அதன் பிறகு பட்டியலிலிருந்து நீக்கலாம்.

ஆவணங்களில் எல்லோரும் தடுமாறுவது அந்தத் தீர்மானத்தில்தான். தளம் இரண்டு வகை ஆவணங்களை ஏற்கிறது. ஒன்று, அதிகாரம் அளிக்கும் கடிதம். மற்றொன்று, இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகலோடு நியமிக்கப்பட்டவரின் ஏற்புக் கடிதமும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் ‘இந்த நியமனத்தை ஏற்கிறேன்’ என்று புதியவர் கையெழுத்திட்ட தாளும் அதே கோப்பில் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் பதிவு பாதி ஆவணத்தோடு நிற்கும், பின்னால் அதிகாரி கேட்கும்போதுதான் தெரியும். கோப்பின் அளவு தளம் சொல்லும் வரம்புக்குள் இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் அதற்குள் அடங்காமல் போகலாம். அடங்கும்வரை சுருக்கினால் எழுத்து படிக்க முடியாமல் போகும். கறுப்பு வெள்ளையில், குறைந்த தரத்தில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குவதே நல்லது.

தீர்மானத்தின் வாசகத்தில் ஐந்து விஷயங்கள் இருக்கின்றனவா என்று நான் பார்ப்பேன். எந்த ஜிஎஸ்டி எண்ணுக்கு, யாருக்கு அதிகாரம், அவருடைய பான் எண் என்ன, எந்தத் தேதியிலிருந்து, பழையவருக்குக் கொடுத்த அதிகாரம் எந்தத் தேதியோடு முடிகிறது. கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலோர் எழுதுவதில்லை. அதிகாரம் கொடுத்த தீர்மானம் ஒன்று பழைய மினிட்ஸ் புத்தகத்தில் இருக்க, அதை ரத்து செய்த தீர்மானம் எங்கும் இல்லை என்றால் பின்னால் ஒரு வழக்கில் அது விலகியவருக்கும் தொல்லை, நிறுவனத்துக்கும் தொல்லை. இன்னொன்று: நியமிக்கப்படுகிறவரே தீர்மான நகலுக்கு ‘உண்மை நகல்’ என்று சான்று தரக் கூடாது. இன்னோர் இயக்குநர் கையெழுத்திட வேண்டும். தமக்குத் தாமே அதிகாரம் கொடுத்துக்கொண்டதுபோல் இருக்கும் தாளை எந்த அதிகாரியும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

மச்சானிடம் இந்த வசதி எதுவும் இல்லை. விலகல் நடந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. ஆனால் அலுவலக மேசை இழுப்பறையில் மாப்பிள்ளையின் டிஎஸ்சி டோக்கன் கிடந்தது. கணக்குப் பையனுக்கு அதன் பின் எண்ணும் தெரியும். “எப்படியாவது உள்ள போய்ட்டா இதை வெச்சே போட்டு முடிச்சரலாமேங்க” என்றார் மச்சான். வேண்டாம் என்று சொன்னேன். மின்கையொப்பம் அந்த மனிதரின் சொந்தக் கையெழுத்துக்குச் சமம். அவர் பதவியில் இருக்கும்போதே அதை இன்னொருவர் எடுத்துப் போடுவது தவறு. அவர் விலகிய பிறகு போட்டால், அதிகாரமே இல்லாதவரின் பெயரில், அவருக்குத் தெரியாமல், அரசுக்கு ஓர் உறுதிமொழி கொடுத்ததாகும். டோக்கனைப் பதிவுத் தபாலில் அவருக்கே அனுப்பி, ரசீதைக் கோப்பில் வைக்கச் சொன்னேன்.

அடுத்து வந்த தடையை மச்சான் எதிர்பார்க்கவே இல்லை. கையொப்பதாரரை மாற்றத் தீர்மானம் வேண்டும். தீர்மானம் போடக் கூட்டம் வேண்டும். இயக்குநர் குழுக் கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. இருப்பவரோ ஒருவர். அந்த நிலையில் எஞ்சியிருக்கும் இயக்குநர் இரண்டே காரியங்களுக்குத்தான் செயல்படலாம்: இயக்குநர் எண்ணிக்கையைத் தேவையான அளவுக்கு உயர்த்தலாம், அல்லது பங்குதாரர் பொதுக்கூட்டத்தைக் கூட்டலாம். வரித் தளத்துக்குக் கையொப்பதாரரை நியமிப்பது இந்த இரண்டிலும் சேராது. இரண்டு இயக்குநர் மட்டுமே உள்ள குடும்ப நிறுவனங்கள் நம் ஊரில் ஏராளம். ஒருவர் போனால் மற்றவருடைய கை இந்த அளவுக்குக் கட்டப்பட்டுவிடும் என்பதை நிறுவனம் தொடங்கும்போது அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

ஆகவே முதலில் இன்னோர் இயக்குநர் வேண்டியிருந்தது. கூடுதல் இயக்குநரை நியமிக்க நிறுவனத்தின் சங்க விதிகள் இடம் கொடுத்திருந்தன. மச்சானின் மனைவிக்கு முன்பே டிஐஎன் எண் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. இல்லையென்றால் அதற்கே தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். 14ஆம் தேதி அவரைச் சேர்த்தார்கள். மாப்பிள்ளையின் விலகலையும் புதிய நியமனத்தையும் டிஐஆர்-12 படிவத்தில் கம்பெனி பதிவாளருக்கு 17ஆம் தேதி தாக்கல் செய்தார்கள். இதற்குச் சட்டம் 30 நாள் தருகிறது. ஆனால் வரித் துறையில் எங்கே போனாலும் முதலில் கேட்பது இந்தப் படிவத்தைத்தான் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. முறைப்படி ஏழு நாள் அறிவிப்பு கொடுத்து 22ஆம் தேதி இருவரும் குழுவாகக் கூடினார்கள். மச்சானை முதன்மைக் கையொப்பதாரராக்கி, மாப்பிள்ளையின் அதிகாரம் ஜூலை 5ஆம் தேதியோடு முடிந்தது என்று தீர்மானம் போட்டார்கள். நகலில் கையெழுத்திட்டவர் அவர் மனைவி.

தளத்துக்குள் நுழைய வழி இன்னும் பிறக்கவில்லை. இப்படிப்பட்ட நிலைமைக்காகவே 2018இல் ஒரு வழி திறக்கப்பட்டது. நிறுவனம் எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அந்த ஜிஎஸ்டி அதிகாரியை நேரில் அணுகி, பதிவில் உள்ள கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றித் தரக் கேட்கலாம். மாநில வணிகவரித் துறையா, மத்திய ஜிஎஸ்டி அலுவலகமா என்பதைப் பதிவுச் சான்றிதழிலேயே பார்க்கலாம். தளத்தில் Search Taxpayer பக்கத்தில் ஜிஎஸ்டி எண்ணைத் தட்டினாலும் தெரியும். அதற்கு உள்நுழைய வேண்டியதில்லை.

அங்கே போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்லும் விண்ணப்பம் முதலில். அதோடு விலகல் கடிதம் அல்லது மின்னஞ்சலின் நகல், டிஐஆர்-12 படிவமும் அதன் கட்டண ரசீதும், இன்றைய இயக்குநர்கள் யார் என்று காட்டும் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தின் அச்சுப் பக்கம், தீர்மானமும் ஏற்புக் கடிதமும். அடையாளத்துக்கு நிறுவனத்தின் பான், பதிவுச் சான்றிதழ், புதிய கையொப்பதாரரின் பான், ஆதார். எல்லாவற்றிலும் கையெழுத்தும் முத்திரையும். அலுவலகத்துக்கு அலுவலகம் ஒரு தாள் கூடக் குறையக் கேட்பார்கள். தேதிகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருப்பதுதான் எல்லா இடத்திலும் பார்க்கப்படுவது. விலகல் தேதி கடிதத்தில் ஒன்றாகவும் டிஐஆர்-12இல் இன்னொன்றாகவும் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

அதிகாரி தம் திரையில் பார்க்கும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கேட்டு வந்திருப்பவரின் பெயர் அந்தப் பதிவில் இயக்குநராகவோ கையொப்பதாரராகவோ ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பார். பதிவில் பெயரே இல்லாத புதியவர் போய் நின்றால் இந்த வழி திறக்காது. மச்சானின் பெயர் இயக்குநராக மட்டுமல்ல, இரண்டாவது கையொப்பதாரராகவும் இருந்தது. பதிவு எடுத்த நாளில் யாரோ இரண்டு பெயரையும் சேர்த்திருந்தார்கள், அவருக்கே அது நினைவில்லை. அந்த ஒரு வரிதான் அவரைக் காப்பாற்றியது.

23ஆம் தேதி கொடுத்த விண்ணப்பத்தின் மேல் 30ஆம் தேதி வேலை முடிந்தது. அதிகாரி ஆவணங்களைத் தளத்தில் ஏற்றி, புதிய எண்ணையும் அஞ்சலையும் பதிந்து, கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். மச்சானின் மின்னஞ்சலுக்குத் தற்காலிகப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்தன. அதைக் கொண்டு நுழையும்போது வழக்கமான பெட்டியில் தட்டக் கூடாது. முதல்முறை நுழைபவர்களுக்கான இணைப்பின் வழியாகப் போய்ப் புதிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அமைக்க வேண்டும். உள்ளே போனதும் மச்சானின் டிஎஸ்சியைப் பதிந்தோம். பட்டியலில் அவர் பான் இருந்ததால் தளம் ஏற்றுக்கொண்டது. கணினியில் emSigner மென்பொருள் ஓடாமல் இருந்தால் இந்த இடத்தில் பிழைச் செய்தி வரும். பலர் டிஎஸ்சியே பழுது என்று நினைத்துப் புதிது வாங்கிவிடுகிறார்கள். பிறகு முதன்மைக் குறியை அவர் பெயருக்கு மாற்றி, மாப்பிள்ளையின் பெயரைக் கையொப்பதாரர் பட்டியலிலிருந்து எடுத்து, அவருடைய மனைவியின் பெயரை இரண்டாவதாகச் சேர்த்தோம்.

ஜூலை மாதம் தாக்கல் செய்ய வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி இரண்டும் ஆகஸ்ட் 4ஆம் தேதி போயின. 3பிக்குக் கடைசி நாள் ஜூலை 20. பதினைந்து நாள் தாமதத்துக்கு நாளுக்கு 50 ரூபாய் வீதம் 750 ரூபாய். ரொக்கமாகக் கட்ட வேண்டியிருந்த 2,40,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, பதினைந்து நாளுக்கு 1,775 ரூபாய். இந்தத் தொகை பெரிதல்ல. வலித்தது வேறிடத்தில். ஜிஎஸ்டிஆர்-1 உரிய நாளில் போகாததால் இவரிடம் சரக்கு வாங்கிய இரண்டு நிறுவனங்களின் கணக்கில் அந்த மாத வரவு தெரியவில்லை. உள்ளீட்டு வரிச் சலுகை வரும்வரை பில்லுக்குப் பணம் தர மாட்டோம் என்று நிறுத்திவைத்தார்கள். பட்டறைச் சம்பளத்துக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

இயக்குநர் பட்டியல் மாற்றம் இதற்கெல்லாம் பின்னால் நடந்தது. மாப்பிள்ளையை நீக்கவும் மச்சானின் மனைவியைச் சேர்க்கவும் காரணத்தையும் தேதியையும் குறிப்பிட்டு விண்ணப்பித்தோம். பதினைந்து நாள் கெடு தாண்டியிருந்தது, தளத்துக்குள் நுழைய முடியாததே காரணம் என்று எழுதினோம். அதிகாரி 15 வேலை நாள்களுக்குள் ஒப்புதல் தரலாம், அல்லது விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் வந்தால் ஏழு வேலை நாள்களுக்குள் பதில் போக வேண்டும். எங்களுக்கு வந்தது. விலகல் கடிதத்தையும் டிஐஆர்-12ஐயும் ஏற்கெனவே கோப்பில் வைத்திருந்ததால் மறுநாளே பதில் அனுப்பினோம். ஒப்புதல் வந்த பின் பதிவுச் சான்றிதழைப் புதிதாக இறக்கிப் பார்த்தால், இயக்குநர் படங்கள் உள்ள இணைப்புப் பக்கத்தில் மாப்பிள்ளையின் படம் இருக்கக் கூடாது.

இந்த வேலை விலகியவருக்கும் அவசியம் என்பதைச் சொல்ல வேண்டும். தனியார் நிறுவனத்திடமிருந்து வசூலிக்க முடியாத வரியை, அந்தக் காலத்தில் இயக்குநராக இருந்தவர்களிடம் கேட்க ஜிஎஸ்டி சட்டத்தின் 89ஆம் பிரிவு இடம் தருகிறது. தம்முடைய கடுமையான கவனக்குறைவாலோ கடமை தவறியதாலோ அது நேரவில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். விலகிய பிறகும் ஒருவர் பெயர் தளத்தில் இயக்குநராகவும் கையொப்பதாரராகவும் நின்றால், எந்த மாதம் வரை தாம் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழும். நிறுவனம் டிஐஆர்-12 தாக்கல் செய்யத் தாமதித்தால், விலகியவரே டிஐஆர்-11 படிவத்தில் பதிவாளருக்குத் தெரிவிக்கலாம். இதை மாப்பிள்ளைக்கும் ஒரு கடிதமாக எழுதி அனுப்பினேன்.

வெவ்வேறு மாநிலங்களில் பதிவு இருந்தால் ஒவ்வொரு ஜிஎஸ்டி எண்ணுக்கும் இந்த மாற்றத்தைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. இ-வே பில் தளத்துக்குத் தனி நுழைவு உண்டு. விலகியவர் அங்கே துணைப் பயனர்களை உருவாக்கியிருந்தால் அவர்களை முடக்க வேண்டும். வருமான வரித் தளத்திலும் நிறுவனத்தின் முதன்மைத் தொடர்பாளரை மாற்ற வேண்டும். அங்கே விதி வேறு: நிறுவனத்தின் வருமான வரிப் படிவத்தில் நிர்வாக இயக்குநர் கையெழுத்திட வேண்டும், அவர் இல்லாதபோது இயக்குநர்களில் ஒருவர் போடலாம். ஜிஎஸ்டிக்குக் கணக்கு மேலாளரைக் கையொப்பதாரராக வைத்த நிறுவனங்கள் அதே தீர்மானத்தை இங்கே கொண்டுவந்தால் செல்லாது.

மச்சானின் இழுப்பறையில் இப்போது இரண்டு டோக்கன்கள் இல்லை. அவருடையது அவர் சட்டைப் பையில் இருக்கிறது, மனைவியினுடையது அவருடைய கைப்பையில். பின் எண் கணக்குப் பையனுக்குத் தெரியாது. மாதா மாதம் 10ஆம் தேதி இருவரில் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்து, தாக்கலைப் படித்துப் பார்த்துத் தாமே கையெழுத்திட்டுப் போகிறார்கள்.